மாம்பழ ஸ்லைடுக்குப் படம்: கூகுளில் பொறுக்குவதா, ஒரே தொகுப்பில் நிற்பதா, வரைபவரிடம் கொடுப்பதா?

கிருஷ்ணகிரியில் டி.டி.பி. கடை வைத்திருப்பவனிடம் சித்திரை, வைகாசியில் என்ன வேலை வரும் என்று கேட்டால், கல்யாணப் பத்திரிகைக்கு அடுத்தபடியாக மாங்காய்தான். கூழ் ஆலை நோட்டீஸ், மண்டி விலைப் பலகை, மருந்துக்கடை பேனர், அப்புறம் விவசாயிகளுக்கு நடக்கும் பயிற்சிக்கான ஸ்லைடுகள். இந்தக் கடைசி வகையைப் பற்றித்தான் எழுதுகிறேன். போச்சம்பள்ளி, சந்தூர் பக்கம் இருக்கும் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் பழைய ஸ்லைடுகளைக் கொண்டுவந்து "இதையே கொஞ்சம் அழகாக்கிக் குடுங்க" என்றது. தோட்டத்தில் காய் பறிப்பதில் தொடங்கி ஆலை வாசலில் வண்டி நிற்பது வரை முப்பது சொச்சம் ஸ்லைடு, கூடவே அதைச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க ஒரு தாள்.

அழகு இங்கே இரண்டாம் பட்சம். பழைய ஸ்லைடுகளில் புரியாமல் போவதற்குக் காரணமே படங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருந்ததுதான். இதைச் சரிசெய்ய நான்கு வழி இருக்கிறது. இப்போது போல வலையில் கிடைக்கும் கிளிப் ஆர்ட்டையே இன்னும் நல்லதாகத் தேடிப் போடுவது, ஒரே ஐகான் தொகுப்பை எடுத்துக்கொண்டு அதில் இல்லாததை நாமே அதே பாணியில் வரைவது, எல்லாவற்றையும் ஒரு ஓவியரிடம் கொடுத்து வரைந்து வாங்குவது, படமே வேண்டாம் என்று முழுக்கப் புகைப்படமாகப் போடுவது. என் கட்சி இரண்டாவது, கொஞ்சம் நான்காவதோடு சேர்த்து. ஆனால் எல்லா இடத்திலும் அது சரிப்படாது, எங்கே சரிப்படாது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் பழைய ஸ்லைடு ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். தலைப்பு "பறிக்கும் முறை". நான்கு படி: காம்போடு வெட்டு, கவிழ்த்து வைத்துப் பால் வடி, நிழலில் கிரேட்டில் அடுக்கு, வண்டியில் ஏற்று. காம்பு ஒட்ட ஒடித்தால் மாங்காய்ப் பால் பீய்ச்சி அடித்துத் தோலில் பட்டுக் கருகிவிடும், அதனால்தான் நீளக் காம்போடு வெட்டிக் கவிழ்த்து வைக்கச் சொல்கிறோம். இந்த ஊர் விவசாயிக்கு இது தெரியாத விஷயம் இல்லை, கூலிக்குப் பறிக்க வரும் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் ஸ்லைடு. முதல் படிக்குப் போட்டிருந்தது பளபளவென்று மேலே வெளிச்சம் அடித்து, கீழே நிழல் விழும் ஒரு மாம்பழம். கன்னம் சிவந்து உருண்டையாக, நம் பெங்களூரா ரகத்துக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. இரண்டாவதுக்கு ஒரு கருப்பு நிழலுருவ மனிதன், கையில் எதையோ பிடித்திருக்கிறான். மூன்றாவது, குழந்தைகள் புத்தகத்தில் வரும் மாதிரி சிரிக்கும் முகம் வைத்த கூடை, அதைச் சுற்றி வெள்ளைச் சதுரம், ஏனென்றால் ஸ்லைடின் பின்னணி பச்சை, படத்தின் பின்னணி வெள்ளை. நான்காவது மெல்லிய கோட்டில் வரைந்த லாரி, அதுவும் பக்கவாட்டில் இருந்து பார்ப்பதாக. கூடையோ மேலிருந்து சாய்வாகப் பார்ப்பதாக இருக்கிறது.

இந்த ஸ்லைடை ஓட்டும்போது பின்வரிசைப் பெரியவர் ஒருவர் பயிற்சியாளரைக் கேட்டதாகச் சொன்னார்கள்: "ஏம்ப்பா, கலர்ல இருக்கிறது செய்யணும், கருப்பா இருக்கிறது செய்யக்கூடாதுன்னு அர்த்தமா?" அவர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி. ஒரு பக்கத்தில் நான்கு படம் இருந்து, மூன்று ஒரு மாதிரியும் ஒன்று வேறு மாதிரியும் இருந்தால், கண் அந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடும். கைபேசியில் நாம் எல்லோருமே அப்படித்தான் பழகியிருக்கிறோம்: கீழே இருக்கும் பட்டையில் நிரப்பிய ஐகான் என்றால் இப்போது அங்கே இருக்கிறோம், வெறும் கோடு என்றால் இல்லை, சாம்பல் நிறம் என்றால் அழுத்தினாலும் வேலை செய்யாது. பாணி மாறினால் பொருளும் மாறுகிறது என்று படித்தவர் படிக்காதவர் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்லைடு செய்தவர் அந்த வித்தியாசத்தை வேண்டுமென்று வைக்கவில்லை, கிடைத்ததைப் போட்டார், அவ்வளவுதான். பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

சரி, பாணி என்று சொல்கிறோமே, அதில் எதைப் பார்க்க வேண்டும்? கோட்டின் தடிமன் முதலில். அப்புறம் கோடு முடியும் இடம் உருண்டையா வெட்டியதா, உள்ளே நிறம் நிரப்பியதா வெறுமையா, நிழலும் பளபளப்பும் உண்டா, எந்தக் கோணத்தில் இருந்து பார்க்கிறோம், எவ்வளவு நுணுக்கம். கடைசி இரண்டையும்தான் பலரும் விட்டுவிடுவார்கள். நிறத்தை எல்லாம் பச்சையாக்கிவிட்டால் ஒன்றாகிவிடும் என்று நினைத்து, நேர்ப்பார்வை லாரிக்குப் பக்கத்தில் சாய்வுப்பார்வை கூடையை வைத்தால், எத்தனை பச்சை அடித்தாலும் அவை இரண்டு வேறு கைகள் வரைந்தவை என்பது போகாது.

இப்போது முதல் வழி, அதாவது வலையில் தேடிப் பொறுக்குவது. இதன் ஒரே நன்மை வேகம், அதுவும் முதல் ஐந்து ஸ்லைடு வரைக்கும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு படத்துக்கும் தேடி, தரவிறக்கி, பின்னணியை எடுத்து, நிறம் மாற்றி வைக்க வேண்டும். பவர்பாயின்ட்டில் பின்னணியை எடுக்க `Set Transparent Color` என்று ஒன்று இருக்கிறது, அது ஒரே ஒரு நிறத்தைத்தான் எடுக்கும். படத்தின் ஓரத்தில் வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவே இருக்கும் சாம்பல் புள்ளிகள் அப்படியே நின்று, புரொஜெக்டரில் போட்டால் படத்தைச் சுற்றி அழுக்கு வளையம் மாதிரி தெரியும். இதற்கு மேல் உரிமை விஷயம். கூகுளில் தெரிவது எல்லாம் யாரோ ஒருவருடையது, இலவசம் என்று போட்டிருக்கும் பல தளங்களிலும் படைத்தவர் பெயரைப் போட்டால்தான் இலவசம். முப்பது படம் முப்பது இடத்தில் இருந்து என்றால் முப்பது நிபந்தனை. பழைய நாளில் ஆபீஸ் மென்பொருளோடே ஒரு கிளிப் ஆர்ட் கிடங்கு வரும், அதை மைக்ரோசாஃப்ட் 2014 டிசம்பரில் மூடிவிட்டு வலைத்தேடலுக்குத் திருப்பிவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்தக் கலப்படம் இன்னும் அதிகமானது என்பது என் அபிப்பிராயம். அந்தக் கிடங்கில் இருந்த படங்கள் அசிங்கமாக இருந்தாலும் பல ஒரே கைபோலாவது இருக்கும்.

நடுவில் ஒன்று: புதிய பவர்பாயின்ட்டில் `Insert` போய் `Icons` அழுத்தினால் ஒரு பெரிய தொகுப்பு வரும். அவசரத்துக்கு அது போதும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரே பொருளுக்கு நிரப்பிய வடிவமும் வெறும் கோட்டு வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், கவனிக்காமல் இரண்டையும் கலந்து எடுத்தால் பழைய கதைதான். நிரப்பியதா, கோடா என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு மற்றதைத் தொடாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது வழிக்கு வருவோம். திறந்த உரிமத்தில் கிடைக்கும் ஐகான் தொகுப்புகள் நிறைய: கூகுளின் மெட்டீரியல் சிம்பல்ஸ், டேப்லர், ஃபாஸ்ஃபர், லூசைட். நான் பயன்படுத்துவது லூசைட், `lucide` என்று தேடினால் வரும். அதை எடுக்கக் காரணம் அதன் சட்டம் சின்னது, மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம். எல்லாப் படமும் 24க்கு 24 கட்டத்தில், கோடு 2 அலகு தடிமன், முனை உருண்டை, மூலை உருண்டை, ஓரத்தில் குறைந்தது 1 அலகு காலி, தனித்தனி உறுப்புகளுக்கு நடுவே 2 அலகு இடைவெளி. இந்தச் சட்டம் தெரிந்தால் தொகுப்பில் இல்லாததை நாமே வரையலாம், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. நமக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் உலகத்தில் எந்த ஐகான் தொகுப்பை எடுத்தாலும் கத்தரிக்கோல் இருக்கும், லாரி இருக்கும், சூரியன், தண்ணீர்த்துளி, பூச்சி, பெட்டி எல்லாம் இருக்கும். லூசைட்டில் ஆப்பிள், செர்ரி, திராட்சைகூட இருக்கும். மூக்கு வளைந்த பெங்களூரா மாங்காய் இருக்காது. ராகிக் கதிர் தேடினாலும் அதே நிலைமைதான், கோதுமைக் கதிரைக் காட்டும்.

பெரும்பாலான கலப்படம் இந்த ஓட்டையில்தான் தொடங்குகிறது. தொண்ணூறு சதவீதம் ஒரே தொகுப்பில் இருந்து ஒழுங்காக எடுத்துவிட்டு, மாங்காய் கிடைக்கவில்லை என்று அதை மட்டும் வெளியில் இருந்து கொண்டுவருவார்கள். ஸ்லைடே மாங்காயைப் பற்றியது, அதுவே ஒட்டாமல் நிற்கும்.

அதனால் வேலையைத் தொடங்கும் முன் ஒரு பட்டியல் போடுங்கள். இந்த முப்பது ஸ்லைடில் தேவைப்படும் பொருள்கள் எவை என்று பேப்பரில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தொகுப்பில் இருக்கிறதா, இல்லையா என்று குறிக்க வேண்டும். இதைச் செய்யும்போது ஒரு நல்ல விஷயம் தெரியவரும்: ஸ்லைடு முப்பது என்றாலும் பொருள் அவ்வளவு இருக்காது, திரும்பத் திரும்ப அதே மரம், அதே காய், அதே கிரேட்தான். எங்கள் பட்டியலில் இல்லாதவை என்று நின்றவை பெங்களூரா காய், பழ ஈ, பழ ஈப் பொறி, பறிக்கும் வலைத் தொரட்டி, பிளாஸ்டிக் கிரேட், இவ்வளவுதான்.

காயை வரைவோம். இதற்கு பெரிய மென்பொருள் தேவை இல்லை, கோட்டுப் படத்தை எழுத்தாகவே எழுதும் எஸ்.வி.ஜி. கோப்பை நோட்பேடில் அடித்து `maangai.svg` என்று சேமித்து, பிரவுசரில் திறந்தால் தெரியும். வரையத் தெரிந்தவர்கள் இன்க்ஸ்கேப்பில் இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

```
<svg xmlns="http://www.w3.org/2000/svg" viewBox="0 0 24 24"
  fill="none" stroke="#1f4d2b" stroke-width="2"
  stroke-linecap="round" stroke-linejoin="round">
  <path d="M12 2v3"/>
  <path d="M12 5c4 0 6 3 6 6.5 0 3.5-2.5 6.5-5.5 9-1
  .8-2.5.5-2.5-.7 0-1-1-1.8-2-3.3-1.5-2.2-2-4-2-6C6
  7.5 8.5 5 12 5z"/>
</svg>
```

முதல் கோடு காம்பு, இரண்டாவது காய். மேலே தோள் அகலம், கீழே போகப்போக ஒடுங்கி, இடப்பக்கம் ஒரு சின்னப் பள்ளம் விழுந்து மூக்கு வருகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் எலுமிச்சையா, மாங்காயா என்று சந்தேகம் வரும். இந்த ஊரில் காயைக் கோட்டோவியமாகப் பார்த்தே ரகம் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் அடையாளம் பிடிப்பது மூக்கை வைத்துத்தான். நரம்பு, புள்ளி, பளபளப்பு எதையும் சேர்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் லாரியில் அவ்வளவு நுணுக்கம் கிடையாது.

இப்போது இரண்டாவது படி, காயைக் கவிழ்த்துப் பால் வடிப்பது. புதிதாக வரையவே வேண்டாம், அதே காயைத் தலைகீழாகத் திருப்பிக் காம்புக்குக் கீழே ஒரு துளி போட்டால் போதும். ஆனால் திருப்பியதும் காம்பின் முனை 22ஆம் அலகில் வந்து நிற்கும், துளிக்கு இடமே இல்லை. உடனே கை என்ன செய்யும் என்றால் காயைக் கொஞ்சம் சுருக்கும். இங்கேதான் பலருக்கும் வழுக்குகிறது: காயை முக்கால் அளவுக்குச் சுருக்கினால் கோடும் முக்கால் ஆகி, 2 அலகு 1.5 ஆகிவிடும். பக்கத்துப் படத்தில் தடித்த கோடு, இதில் மெலிந்த கோடு. என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ நோஞ்சானாக இருக்கிறது என்று தோன்றும். சுருக்கும் விகிதத்தால் 2ஐ வகுத்து, கோட்டை முன்கூட்டியே தடித்து வைத்தால் கணக்கு நேராகும். 2ஐ 0.75ஆல் வகுத்தால் 2.67. மேலே உள்ள கோப்பில் காம்பும் காயும் இருந்த இடத்தில் இது வரும்:

```
<g stroke-width="2.67"
   transform="translate(3 0) scale(0.75) rotate(180 12 12)">
  ... காம்பும் காயும் இங்கே ...
</g>
<path d="M12 20.5v1.5"/>
```

இதில் காம்பு 16.5இல் முடிகிறது, உருண்டை முனையையும் சேர்த்தால் 17.5. துளியின் மேல்முனை 19.5. நடுவே சரியாக 2 அலகு இடைவெளி, கீழே ஓரத்தில் 1 அலகு காலி. தொகுப்பின் சட்டம் இரண்டும் காப்பாற்றப்பட்டுவிட்டது.

பழ ஈ இதைவிடச் சுலபம். தொகுப்பில் இருக்கும் பூச்சிப் படத்தை எடுத்து நடுக்கால் இரண்டை நீக்கிவிட்டு அந்த இடத்தில் இறக்கை இரண்டு வைத்தோம். கால்களையும் விட்டு இறக்கையையும் சேர்த்தால் கோடுகளுக்கு நடுவே இடைவெளி போய், ஜெராக்ஸில் ஒரே கருப்புத் திட்டாகிவிடும். ஈக்கு ஆறு கால் உண்டே என்று கேட்பவர்களுக்கு, இந்தப் படத்தைப் பார்த்து யாரும் தோட்டத்தில் ஈயை அடையாளம் காணப்போவதில்லை, அதற்குப் புகைப்படம் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த தொல்லை ஸ்லைடில் வைக்கும்போது. 24 அலகுக்கு 2 அலகு கோடு என்றால் படத்தின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஸ்லைடில் 24 மில்லிமீட்டர் அகலத்தில் வைத்தால் கோடு 2 மி.மீ., அதே படத்தை 36 மி.மீ. ஆக இழுத்தால் கோடு 3 மி.மீ. ஒரே தொகுப்பில் எடுத்தும், ஒரு படத்தைப் பெரிதாகவும் ஒன்றைச் சின்னதாகவும் கண்டபடி இழுத்து வைத்தால் கிளிப் ஆர்ட் கலந்த மாதிரியே ஆகிவிடும். அதனால் இரண்டே அளவு வைத்துக்கொள்ளுங்கள், படி சொல்லும் படத்துக்கு ஒன்று, தலைப்புப் பக்கத்துக்கு ஒன்று. தலைப்புப் பக்கத்தில் 36 மி.மீ. வேண்டும், ஆனால் கோடு 2 மி.மீ.யிலேயே நிற்க வேண்டும் என்றால் அந்தக் கோப்பில் மட்டும் `stroke-width`ஐ 1.33 ஆக்கிவிடலாம். பவர்பாயின்ட்டில் இன்னொரு பொறி இருக்கிறது: எஸ்.வி.ஜி. படத்தை அப்படியே இழுத்தால் கோடும் சேர்ந்து பெருக்கும், `Convert to Shape` கொடுத்துவிட்டு இழுத்தால் கோடு மாறாது. ஒரு ஸ்லைடில் சிலதை மாற்றியும் சிலதை மாற்றாமலும் வைத்திருந்தால் ஏன் ஒன்று தடி, ஒன்று மெலிவு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். எதுவானாலும் எல்லாவற்றுக்கும் ஒன்றாகச் செய்யுங்கள், என்னைக் கேட்டால் மாற்றவே வேண்டாம்.

நிறத்துக்கு அதிகம் யோசிக்கவில்லை. கரும்பச்சை ஒன்று, செய்யாதே என்று சொல்ல ஒரு சிவப்பு. சமுதாயக் கூடத்தில் பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் புரொஜெக்டர் ஓடும், இளம் நிறங்கள் எல்லாம் அந்த வெளிச்சத்தில் காணாமல் போய்விடும். ஆனால் சிவப்பை மட்டும் நம்பாதீர்கள். ஜெராக்ஸில் கரும்பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பல். செய்யக்கூடாததற்குப் படத்தின் வலது மேல் மூலையில் ஒரு பெருக்கல் குறியும் வர வேண்டும், காயின் மேலேயே குறுக்கே அடித்தால் மூக்கு மறைந்து காய் தெரியாமல் போகும்.

மூன்றாவது வழி, ஓவியரிடம் கொடுப்பது. நல்ல கையாக இருந்தால் இதற்கு ஈடே இல்லை. சேலைக் கட்டு, தலைத்துண்டு, தோட்டத்தில் கிடக்கும் சருகு, காய் பறிக்கும் ஆள் கிளையில் நிற்கும் நிலை, இதெல்லாம் எந்த ஐகான் தொகுப்பிலும் வராது. வெளியூர்த் தொகுப்புகளில் விவசாயி என்றாலே வைக்கோல் தொப்பியும் கையில் முள்கரண்டி மாதிரி ஒன்றும்தான். ஆட்கள் வரும் காட்சிகள் நிறைய இருந்தால், ஒரு கதை மாதிரி ஓட வேண்டும் என்றால், பணம் இருந்தால், தயங்காமல் இதற்குப் போங்கள். எனக்கு இருக்கும் தயக்கம் அடுத்த வருஷத்தைப் பற்றியது. பயிற்சி ஸ்லைடு ஒருமுறை செய்து முடிகிற விஷயம் இல்லை, அடுத்த பருவத்தில் புதுப் பூச்சி வரும், புதுப் பொறி வரும், இன்னும் மூன்று படம் சேர்க்கச் சொல்வார்கள். அப்போது அதே ஓவியர் கிடைக்காவிட்டால் வேறு கை வரும், அல்லது யாராவது அந்த மூன்றையும் கூகுளில் எடுத்துவிடுவார்கள். ஓவியரிடம் கொடுப்பதாக இருந்தால் படத்தோடு சேர்த்து மூலக் கோப்பையும், கோட்டுத் தடிமன், நிற எண், பார்க்கும் கோணம் மூன்றையும் எழுதிய ஒரு தாளையும் வாங்கிக்கொள்ளுங்கள். இதை முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும், கடைசியில் கேட்டால் தனிக் காசு.

புகைப்படம் மட்டும் போதாதா என்று பயிற்சியாளர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். சில இடத்தில் போதும், சில இடத்தில் புகைப்படம்தான் வேண்டும். பழ ஈ குத்திய காய் எப்படி இருக்கும், தத்துப்பூச்சி விழுந்த பூங்கொத்து எப்படிக் கருகும், பால் பட்ட தோல் எப்படிக் கருத்திருக்கும், இதையெல்லாம் கோட்டில் வரைந்து காட்டுவது வீண்வேலை. நிறமும் திட்டும்தானே அங்கே அடையாளம். ஆனால் "காம்போடு வெட்டு" என்பதற்குப் புகைப்படம் எடுத்தால் அதில் கை, கிளை, பின்னால் நிற்கும் ஆடு, யாரோ ஒருவரின் சட்டை எல்லாம் இருக்கும், காம்பு எவ்வளவு நீளம் என்பது எங்கோ ஒரு மூலையில். கோட்டுப் படத்தில் காம்பைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. ஆகவே வேலையைப் பிரித்துக்கொடுங்கள்: எப்படி இருக்கும் என்று காட்டப் புகைப்படம், என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஐகான். இதைக் கலப்படம் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்லைடு நெடுக இந்தப் பிரிவு மாறாமல் இருந்தால், மூன்றாவது ஸ்லைடுக்குள் பார்ப்பவர்களுக்கே பிடிபட்டுவிடும், புகைப்படம் வந்தால் உற்றுப் பார்க்க வேண்டும், கோட்டுப் படம் வந்தால் செய்ய வேண்டியது. பெரியவர் கேட்டாரே, கலருக்கும் கருப்புக்கும் என்ன அர்த்தம் என்று, அவருக்கு இப்போது பதில் இருக்கிறது. புகைப்படத்தைப் போட்டால் பக்கத்தில் ஒரு விரலோ பத்து ரூபாய் நாணயமோ வைத்து எடுங்கள், திரையில் கோழி அளவுக்குத் தெரியும் ஈயைப் பார்த்து யாரும் குழம்ப வேண்டாம்.

பயிற்சி நாளை காலை, கையில் இருப்பது பழைய கலப்பட ஸ்லைடு, புதிதாகச் செய்ய நேரமில்லை என்றால்? ஒரு ஒட்டு வேலை உண்டு. படத்தைத் தேர்ந்தெடுத்து `Picture Format`, அதில் `Color`, அதில் `Recolor` போய் எல்லாவற்றையும் ஒரே இருண்ட நிறத்துக்குக் கொண்டுவாருங்கள், பிறகு எல்லாவற்றுக்கும் பின்னால், படத்தின் மூலைகளும் உள்ளே அடங்கும்படி, ஒரே அளவு வெள்ளை வட்டம் வையுங்கள். வெள்ளைச் சதுரம் மறைந்துவிடும், நிறச் சண்டை ஓயும். கோணமும் நுணுக்கமும் அப்படியேதான் இருக்கும், அதை வட்டம் மறைக்காது. சிரிக்கும் கூடையை மட்டும் எடுத்துவிட்டு அங்கே வெறும் எழுத்து போடலாம், தப்பில்லை. பொருந்தாத படத்தைவிடப் படமில்லாத வரி மேல் என்பது என் கருத்து, இதில் பயிற்சியாளர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

பட்டியலைத்தான் கடைசியில் நம்ப வேண்டும். தேவையான பொருள்களில் இல்லாதவை கால்வாசிக்குள் என்றால் ஐகான் தொகுப்பு, இல்லாததை நாமே வரைந்துகொள்ளலாம். பாதிக்கு மேல் இல்லை என்றால், அதாவது ஆட்களும் ஊர்க்காட்சியும்தான் அதிகம் என்றால், தொகுப்பை விட்டுவிட்டு ஓவியர். நடுவில் விழுந்தால் வரைய யாருக்குக் கை வரும் என்பதைப் பொறுத்தது. இந்த நிறுவனத்துக்கு ஐந்தே படம் வரைய வேண்டியிருந்தது, அதில் தொரட்டிதான் தகராறு, நீளமான கம்பு 24 கட்டத்துக்குள் அடங்காது, கம்பைப் பாதியில் வெட்டி வலையை மட்டும் பெரிதாகக் காட்ட வேண்டியதாயிற்று.

எந்த வழியில் போனாலும் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒன்று செய்துவிடுங்கள். நான்கு படி இருக்கும் அந்த ஒரு பக்கத்தை, படம் ஒவ்வொன்றும் 12 மி.மீ. அகலத்தில் வரும்படி தாளில் எடுத்து, அதை ஜெராக்ஸ் போட்டு, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் போடுங்கள். கிராமத்தில் கைமாறிப் போகும் தாள் அந்த நிலைமையில்தான் போய்ச் சேரும். கோடு 1 மி.மீ. இருக்கும், அது தாங்கும். தாங்காதது இடைவெளிகள்தான்: காம்புக்கும் துளிக்கும் நடுவே, இறக்கைக்கும் உடம்புக்கும் நடுவே, கிரேட்டின் கம்பிகளுக்கு நடுவே. எங்கள் கிரேட் படம் இதில் அடைத்துக்கொண்டது, நான்கு பட்டை இருந்ததை இரண்டாக்கினோம். எழுத்தை மறைத்துவிட்டு, கடைக்கு டீ கொண்டுவரும் பையனிடமோ பேனர் வாங்க வந்தவரிடமோ தாளைக் காட்டி "இதுல என்ன செய்யச் சொல்லுது?" என்று கேளுங்கள். பெயரைக் கேட்காதீர்கள், செயலைக் கேளுங்கள். "மாங்காயைத் தலைகீழா வெச்சா சொட்டுது" என்றால் படம் பிழைத்தது, "பல்பு எரியுது" என்றால் மூக்கை இன்னும் கொஞ்சம் வளைக்க வேண்டும்.